எஃப்எம்சியில் விமானிகள் எதை உள்ளிடுகிறார்கள், அதை வைத்து அது என்ன செய்கிறது

கேள்வி: "புறப்படறதுக்கு முன்னாடி பைலட்டுங்க நடுவுல இருக்கிற சின்னக் கீபோர்டுல என்னமோ டைப் பண்றாங்களே, அது என்ன? அதுக்கப்புறம் எப்ப ஏறணும், எங்க இறங்க ஆரம்பிக்கணும்னு விமானம் தானாவே பார்த்துக்குமா?"

கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாதி ஆமாம். எந்த இடத்தில் இறங்கத் தொடங்க வேண்டும் என்பதை அந்தக் கீபோர்டுக்குப் பின்னால் இருக்கும் எஃப்எம்சி என்ற கணினியே கணக்குப் போட்டு வரைபடத்தில் ஒரு சின்ன வட்டமாகக் காட்டிவிடும். ஆனால் விமானி கைநீட்டி ஒரு குமிழைத் திருப்பி உயரத்தைக் குறைத்து வைக்காவிட்டால், விமானம் அந்த வட்டத்தைத் தாண்டியும் அதே உயரத்தில் போய்க்கொண்டே இருக்கும். ஏன் இப்படி அமைத்திருக்கிறார்கள் என்பது கீழே படிக்கும்போது புரியும். நான் போயிங் 737-800 ஓட்டியவன், இப்போது சிமுலேட்டரில் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறேன், அதனால் அந்த விமானத்தை வைத்தே எழுதுகிறேன். ஏர்பஸ்ஸில் பொத்தான்களும் பெயர்களும் வேறு, சில பழக்கங்களும் வேறு, அடியில் ஓடும் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். உதாரணத்துக்கு ஜனவரி மாதம், மும்பையிலிருந்து கொல்கத்தா, 37,000 அடி உயரத்தில் பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

நீங்கள் பார்த்த கீபோர்டு எஃப்எம்சியோடு, அதாவது பயண மேலாண்மைக் கணினியோடு பேசுவதற்கான கருவி மட்டும்தான், கணினிப் பெட்டி வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு விமானிகளுக்கும் ஆளுக்கொன்றாக அந்தக் கீபோர்டு உண்டு. நாம் அடிக்கும் எழுத்து முதலில் திரையின் அடிவரியில் வந்து நிற்கும், பிறகு திரையின் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அந்தப் பொத்தானுக்கு நேரே உள்ள வரிக்குப் போய் உட்காரும். கட்டாயம் நிரப்ப வேண்டிய இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும், விருப்பமானால் நிரப்பலாம் என்ற இடத்தில் கோடுகள் தெரியும். சதுரம் எல்லாம் நிரம்பிவிட்டால் கணினி தயார் என்று சொல்லிவிடும். இங்கேதான் புதியவர்கள் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் சதுரம் நிரம்பியிருப்பதற்கும் அதில் இருக்கும் எண் சரியாக இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முதலில் வழி. உலகத்தின் விமான நிலையங்கள், ஓடுபாதைகள், ஏர்வேக்கள் என்ற வான்சாலைகள், வழிப்புள்ளிகள், புறப்படும் வழிகள், இறங்கும் வழிகள் எல்லாம் அடங்கிய தரவுத்தளம் ஏற்கெனவே உள்ளே ஏற்றப்பட்டிருக்கும். 28 நாளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பார்கள், அதை விமானி திருத்த முடியாது, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் முடியும். RTE பக்கத்தில் புறப்படும் இடத்துக்கு மும்பையின் குறியீடான VABB, சேரும் இடத்துக்குக் கொல்கத்தாவின் VECC என்று அடித்துவிட்டு, ஒரு பக்கத்தில் ஏர்வேயின் பெயர், மறுபக்கத்தில் அதிலிருந்து எந்தப் புள்ளியில் வெளியேறுகிறோம் என்று கொடுத்துக்கொண்டே போனால் இடையில் இருக்கும் புள்ளிகளை அதுவே எடுத்துக்கொள்ளும். பல நிறுவனங்களில் இவ்வளவுகூட வேண்டாம், முன்பே சேமித்து வைத்த வழியின் பெயரை மட்டும் அடித்தால் போதும். அப்புறம் எந்த ஓடுபாதை, எந்தப் புறப்பாட்டு வழி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் EXEC என்ற பொத்தானில் விளக்கு எரியும், அதை அழுத்தும்வரை நாம் செய்தது எல்லாம் வரைவுதான். வரைபடத்தில் வரைவு வெள்ளைப் புள்ளிக்கோடாகத் தெரியும், அழுத்தியதும் மெஜந்தா நிறத்தில் முழுக்கோடாகிவிடும். ஒருவர் அடிப்பார், மற்றவர் பார்த்துச் சரி என்ற பிறகே EXEC என்பதுதான் ஒழுங்கு.

அடித்து முடித்ததும் LEGS பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் உள்ள திசையையும் தூரத்தையும் கையில் இருக்கும் விமானத் திட்டத்தோடு ஒப்பிட வேண்டும், மொத்தத் தூரமும் பொருந்த வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கணினிக்கு இணைப்புத் தெரியாவிட்டால் ROUTE DISCONTINUITY என்று சதுரங்களோடு ஓர் இடைவெளி விட்டுவிடும். அதைக் கவனிக்காமல் பறந்தால் அந்த இடத்தில் வழியைப் பின்தொடரும் LNAV கழன்றுகொள்ளும், விமானம் வழியில் திரும்பாமல் வந்த திசையிலேயே போகும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை என்பதால் ஓரளவு பரவாயில்லை. கணினிக்கு எந்தக் குறையும் தெரியாமல் நமக்கு மட்டும் தவறாக அமைவதுதான் ஆபத்து. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 அப்படித்தான் தொலைந்தது. போக வேண்டியது ரோசோ என்ற வழிகாட்டி ரேடியோ நிலையம், அச்சிட்ட வரைபடத்தில் அதன் அடையாள எழுத்து R. விமானிகள் R என்று அடித்தார்கள். ஆனால் தரவுத்தளத்தில் அந்த எழுத்தோடு இருந்தது பொகோட்டா அருகே, சுமார் 130 கடல் மைல் தள்ளி இருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். ரோசோ வேண்டுமென்றால் ROZO என்று முழுப்பெயரை அடித்திருக்க வேண்டும். பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்து EXEC அழுத்தியதும் விமானம் சொன்னபடி கேட்டு இடப்பக்கம் கிழக்கு நோக்கித் திரும்பியது. இருட்டு, இருபுறமும் மலை, விமானம் இறங்கிக்கொண்டும் இருந்தது. திசை தவறு என்று உணர்ந்து திரும்பி வரும் வழியில் மலையில் மோதியது, 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். அந்த R எந்தச் சட்டத்தையும் மீறாத ஓர் உள்ளீடு. புதிய கோடு வரைபடத்தில் எந்தப் பக்கம் நீள்கிறது என்று EXEC அழுத்தும் முன் பார்த்தால் மட்டுமே இது பிடிபடும். அதனால்தான் புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது, கோட்டைப் பார்த்தாயா என்ற ஒன்றைத்தான்.

அடுத்தது எடையும் வேகமும், அதாவது PERF INIT பக்கம். இங்கே ZFW என்று ஒரு சதுரம் இருக்கும். எரிபொருள் இல்லாமல் விமானம், பயணிகள், சரக்கு எல்லாம் சேர்ந்த எடை அது. நம் உதாரணத்தில் 58.0 டன் என்று கொடுக்கிறோம். தொட்டிகளில் 9 டன் எரிபொருள் இருப்பதை எஃப்எம்சி அளவுமானியிலிருந்து தானே படித்துக்கொண்டு மொத்தம் 67 டன் என்று காட்டும். இந்த 58 என்பதே முழுத் துல்லியமான எண் அல்ல. பயணிகளை யாரும் தராசில் நிறுத்துவதில்லை, ஆளுக்கு இவ்வளவு என்ற சராசரியை வைத்துத்தான் கூட்டுகிறார்கள். சில நூறு கிலோ முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் விரல் தவறி 48.0 என்று அடித்துவிட்டால், அது வழக்கமான வரம்புக்குள் இருக்கும் எண் என்பதால் கணினி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். அப்புறம் நடப்பதைப் பாருங்கள்: ஏற முடியாத உயரத்துக்கும் ஏறலாம் என்று காட்டும், இலேசான விமானத்துக்கான வேகங்களைத் தரும், கடைசியில் தரையிறங்கும் வேகத்தையும் 10 நாட், அதாவது மணிக்கு 10 கடல் மைல், அளவுக்கு மேல் குறைத்துச் சொல்லும். கண்டுபிடிக்க வழி உண்டு. திட்டத்தில் மொத்த எடை 67 என்று அச்சாகியிருக்கும், திரையில் 57 என்று இருக்கும். சேரும் இடத்தில் மிஞ்சும் எரிபொருள் என்று எஃப்எம்சி சொல்வதும் திட்டத்தில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும். இரண்டு தனித்தனி வழியில் வந்த எண்களை ஒப்பிடுவதால்தான் பிழை வெளியே வருகிறது. அதே தாளிலிருந்து அதே எண்ணை இரண்டு பேர் படித்தால் இரண்டு பேரும் சேர்ந்தே தவறுவார்கள்.

அதே பக்கத்தில் COST INDEX என்று ஓர் எண், 737-இல் 0 முதல் 500 வரை கொடுக்கலாம். நேரத்துக்கு ஆகும் செலவையும் எரிபொருளுக்கு ஆகும் செலவையும் ஒப்பிடும் விகிதம் அது. 0 என்றால் எவ்வளவு நேரமானாலும் சரி, எண்ணெய் மிச்சமாக வேண்டும் என்று அர்த்தம். இதை நிறுவனம் தீர்மானிக்கும், விமானி உள்ளிடுவார். ஏறும் வேகம், பறக்கும் வேகம், இறங்கும் வேகம் மூன்றும் இந்த ஓர் எண்ணிலிருந்து வருகின்றன.

பிறகு N1 LIMIT பக்கத்தில் வெளி வெப்பநிலை. எஞ்சின் முன்விசிறி எத்தனை சதவீதம் சுழன்றால் புறப்பாட்டுக்குப் போதும் என்பது இதைப் பொறுத்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே உந்துவிசைக்குக் குறைந்த சுழற்சியே போதும். 2017 ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டிலிருந்து கோர்ஃபு கிளம்பிய ஒரு 737-800இல், வெளியே 16 டிகிரி இருக்கும்போது இந்த இடத்தில் -52 என்று பதிவாகிவிட்டது. -52 என்பது வானத்தின் உச்சியில், ஏற்றம் முடியும் இடத்துக்கான வெப்பநிலை, விமானத் திட்டத்தில் அச்சாகியிருந்த எண். இடம் மாறிவிட்டது. கணினி -52க்கு ஏற்றபடி கணக்குப் போட்டு 81.5 சதவீதம் என்று தந்தது, வேண்டியதோ சுமார் 93. விமானம் மிக மெதுவாக வேகம் பிடித்து, ஓடுபாதையின் கடைசியில் மேலெழும்பி, அதற்கப்பால் தரையில் இருந்த ஒரு விளக்கில் மோதி, தட்டுத்தடுமாறி ஏறியது. 800 அடி உயரம் வரும்வரை உந்துவிசை கூட்டப்படவில்லை. யாருக்கும் காயம் இல்லை, அது அதிர்ஷ்டம். எஃப்எம்சி மென்பொருளின் புதிய பதிப்பு, உள்ளிட்ட வெப்பநிலையை விமானத்தின் வெப்பமானி சொல்வதோடு ஒப்பிட்டுப் பெரிய வேறுபாடு இருந்தால் ஏற்காது. அந்த விமானத்தில் இருந்தது பழைய பதிப்பு. இந்தப் பிழையைப் பிடிக்கும் இடம் எது என்று கேட்டால், 81.5 என்ற எண்தான். தினமும் ஓட்டுபவருக்கு ஜூலை மாதப் பகலில் நிறை விமானத்துக்கு அது மிகக் குறைவு என்று உறுத்த வேண்டும். உறுத்தல் வர வேண்டுமானால் கணினி தரும் எண்ணைப் பார்க்கும் முன்பே மனதில் ஒரு தோராயம் இருக்க வேண்டும்.

இனி பறத்தல். மேலே கிளம்பியதும், உயரத்தையும் வேகத்தையும் எஃப்எம்சியின் கணக்குப்படி பார்த்துக்கொள்ளும் VNAV வேலை செய்யத் தொடங்கும். ஏற்றத்தில் பலர் நினைப்பதுபோல விமானம் ஒரு குறிப்பிட்ட சாய்வுக் கோட்டைப் பிடித்து ஏறுவதில்லை. எஞ்சின் ஏற்றத்துக்கான உச்ச உந்துவிசையில் நிற்கும், மூக்கை ஏற்றி இறக்கி வேகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும், 10,000 அடி வரை 250 நாட், அதற்கு மேல் COST INDEX கணக்கில் வந்த வேகம். எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது எடையையும் வெப்பத்தையும் பொறுத்து தானாக அமைவது. ஆகவே LEGS பக்கத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரே தெரியும் உயரம், நாம் கட்டுப்பாடாகக் கொடுக்காதவரை, வெறும் முன்கணிப்பு. புறப்பாட்டு வழியில் ஒரு புள்ளியில் 7000B என்று இருந்தால் 7,000 அடிக்கு மேல் போகாதே என்று பொருள், அதை எஃப்எம்சி மட்டமாகப் பறந்து காப்பாற்றிவிடும். 9000A என்றால் 9,000 அடிக்குக் கீழே கடக்காதே என்பது. எஞ்சின் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும்போது, கனமான விமானம் வெப்பமான நாளில் அந்த உயரத்தை எட்டாவிட்டால் அதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, UNABLE NEXT ALTITUDE என்று ஒரு வரியைக் காட்டும், அவ்வளவுதான். மெதுவாகப் பறந்து செங்குத்தாக ஏறுவதா, கட்டுப்பாட்டு நிலையத்திடம் முடியாது என்று சொல்வதா என்பது விமானியின் பாடு.

இறக்கம்தான் எஃப்எம்சியின் அழகான வேலை. ஓடுபாதை அருகிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வரும். ஓடுபாதையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் இந்த உயரம், அதற்கு முன் இந்தப் புள்ளியில் இவ்வளவு, 10,000 அடிக்கு வரும்போது வேகம் குறைய இவ்வளவு தூரம், அதற்கு மேலே எஞ்சின் வெறுமனே ஓடும் நிலையில் சறுக்கினால் எந்தக் கோடு என்று 37,000 அடி வரை வரைந்து, அந்தக் கோடு பறக்கும் உயரத்தை வெட்டும் இடத்தை, அதாவது இறக்கம் தொடங்கும் இடத்தை, T/D என்று குறிக்கும். கையால் சரிபார்க்கும் முறை இது: ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல், 37 பெருக்கல் 3, 111. வேகம் குறைக்க ஒரு 10. ஆக 121 கடல் மைல். கொல்கத்தா கிட்டத்தட்டக் கடல் மட்டம் என்பதால் கழிக்க ஒன்றுமில்லை. எஃப்எம்சி 118 என்றோ 125 என்றோ சொன்னால் சரி, 90 என்று சொன்னால் எங்கோ ஓர் உயரக் கட்டுப்பாடோ காற்றோ தவறாக இருக்கிறது என்று தேட வேண்டும்.

காற்று என்றேன், நம் உதாரணத்தில் ஜனவரி மாதத்தை எடுத்ததே அதற்காகத்தான். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல்வானத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும், கிழக்கே கொல்கத்தா போகிறவருக்கு அது முதுகுக் காற்று. இறக்கத்துக்கான காற்றை DES FORECAST பக்கத்தில் மூன்று உயரங்களுக்கு உள்ளிடலாம். இறக்கம் முழுவதற்கும் சராசரியாக 20 நாட் என்று கொடுத்திருக்கிறோம், உண்மையில் 50 நாட் வீசுகிறது என்று வையுங்கள். இறக்கத்துக்கு சுமார் 20 நிமிடம் ஆகும், ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கில் விட்டுப்போன 30 நாட் வேகத்துக்கு அந்த நேரத்தில் ஆவது 10 கடல் மைல். அதாவது 10 கடல் மைல் முன்னதாகவே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும், சறுக்கல் கணக்கில் அது 3,000 அடிக்கு மேல்.

இதில் விமானம் உடனே கோட்டுக்கு மேலே போய்விடாது. VNAV PATH என்ற நிலையில் அது கோட்டையே பிடித்துக்கொள்ளும், அதற்காக மூக்கைக் கொஞ்சம் அதிகம் தாழ்த்தும், தாழ்த்தினால் வேகம் ஏறும். எஞ்சின் ஏற்கெனவே குறைந்தபட்சத்தில் இருப்பதால் இனிக் குறைக்க ஒன்றுமில்லை. இலக்கு வேகத்தைவிட 10 நாட் கூடியதும் DRAG REQUIRED என்று செய்தி வரும். இறக்கையின் மேல் பலகைகளை உயர்த்தும் ஸ்பீட்பிரேக்கை எஃப்எம்சியால் நகர்த்த முடியாது, நெம்புகோலை இழுப்பது விமானியின் கைதான். நீங்கள் இறக்கை அருகே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் இறக்கத்தின் நடுவே அந்தப் பலகைகள் எழுவதையும் கூடவே ஓர் அதிர்வையும் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் அது இந்தக் கணக்கின் மிச்சத்தைத் தீர்ப்பதுதான், இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு நிலையம் குறுக்கு வழி கொடுத்திருக்கும். குறுக்கு வழி கிடைத்தால் தூரம் 15 மைல் குறையும், உயரம் மட்டும் அப்படியே இருக்கும், விளைவு ஒன்றுதான். எஞ்சின் பனித்தடுப்பு போட வேண்டிய மேகத்துக்குள் இறங்கினாலும் இதே கதை, அதைப் போட்டால் எஞ்சினின் குறைந்தபட்சச் சுழற்சியே கொஞ்சம் கூடும், சறுக்கல் தட்டையாகும். எந்த உயரத்தில் போடப்போகிறோம் என்பதையும் DES FORECAST பக்கத்தில் முன்கூட்டியே சொல்லலாம். என் அனுபவத்தில் அவசரத்தில் அதிகம் தவிர்க்கப்படுவது இந்தப் பக்கம்தான், அதற்கான விலை இறக்கத்தின் கடைசி 30 மைலில் தெரியும்.

இப்போது முதலில் சொன்ன குமிழ். கண்ணாடிக்குக் கீழே, நேர் எதிரே உள்ள MCP என்ற பலகையில் அந்தக் குமிழும் உயரத்துக்கான ஒரு சாளரமும் இருக்கின்றன. எஃப்எம்சி என்ன கணக்குப் போட்டிருந்தாலும், VNAV அந்தச் சாளரத்தில் இருக்கும் உயரத்தைத் தாண்டி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. காரணம் எளிது: எஃப்எம்சிக்கு நம் வழி தெரியும், நமக்குக் கீழே 35,000 அடியில் குறுக்கே போகும் வேறொரு விமானம் தெரியாது. அது கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரியும், அவர் அனுமதித்த உயரம்தான் அந்தச் சாளரத்தில் நிற்கிறது. T/D வரப்போகும் நேரத்தில் சாளரம் இன்னும் 37,000 என்றே இருந்தால் RESET MCP ALT என்று எஃப்எம்சி நினைவூட்டும், அவ்வளவே. அனுமதி வராமல் T/D கடந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏழு மைலுக்கு மேல் கரைகிறது, அதை அப்புறம் ஸ்பீட்பிரேக்கால்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் T/D வருவதற்கு 10, 15 மைல் முன்பே இறங்க அனுமதி கேட்டுவிடுவோம். ஏர்பஸ்ஸில் உயரத்தைத் திருப்பி வைத்தால் மட்டும் போதாது, அந்தக் குமிழை உள்ளே அழுத்தினால்தான் இறக்கம் தொடங்கும். அங்கே பழகிவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு முதல் சில நாள் இது கொஞ்சம் குழப்பும்.

தரையிறக்கம் பற்றியும் நினைத்துத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃபிளாப், சக்கரம் இரண்டும் கையால்தான். ஓடுபாதையிலிருந்து வரும் ஐஎல்எஸ் ரேடியோக் கதிரை ஆட்டோபைலட் பிடித்துக்கொண்டதும் அது எஃப்எம்சியின் கோட்டை விட்டுவிட்டு அந்தக் கதிரைப் பின்தொடரும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு எஃப்எம்சியிலிருந்து எங்களுக்கு முக்கியமாக வேண்டியது இரண்டுதான்: எடையை வைத்து அது சொன்ன தரையிறங்கும் வேகம், இறங்க முடியாமல் மறுபடி மேலேற வேண்டி வந்தால் போக வேண்டிய வழி.